உதவி: மேசை நடுவில் சரி, ஓரத்தில் வைத்தால் ரோபோ கை மாம்பழத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது

கொக்குவில் பட்டறை

வணக்கம். வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு சிறிய ரோபோ கை செய்து வைத்திருக்கிறேன். அடியில் திரும்பும் மூட்டு, தோள், முழங்கை, மணிக்கட்டு என நாலு மோட்டர். மணிக்கட்டில் யூஎஸ்பி கமரா, எப்போதும் நேரே கீழே பார்க்கும். அதற்கு 4 சென்ரிமீற்றர் தள்ளி ஒரு உறிஞ்சுக் குழாய், அதன் நுனியில் ஸ்ரிக்கர். மாமாவின் காணியில் காய்க்கும் கறுத்தக்கொழும்பான் பழங்களில் அந்த ஸ்ரிக்கரை ஒட்ட வேண்டும்.

படம் 640க்கு 480. நிறத்தை வைத்துப் பழத்தைப் பிரித்து அதன் மையத்தை எடுக்கிறேன். அந்த மையம் படத்தில் (320, 320) என்ற இடத்துக்கு வரும்வரை கை நகர வேண்டும். 30 சென்ரிமீற்றர் உயரத்தில் குழாயின் நேர் கீழே இருக்கும் பொருள் அந்த இடத்தில்தான் தெரிகிறது. வேகத்தை இப்படிக் கணக்கிடுகிறேன்:

```python
ex, ey = u - 320, v - 320
vx = lam * Z * ex / f    # lam = 2.0, Z = 0.30, f = 600
vy = lam * Z * ey / f
```

இந்த vx, vy இரண்டும் கையின் நுனிக்குப் போகின்றன, மூட்டுக் கோணங்களை நிரல் பார்த்துக்கொள்ளும். பழம் மேசை நடுவில் இருந்தால் ஒன்றிரண்டு தரம் தாண்டிப் போய்த் திரும்பி வந்து நிற்கிறது. இடப்பக்கம் வைத்தால் பழத்தைச் சுற்றி வட்டம் போடுகிறது. 30 சென்ரிமீற்றரில் பல சுற்று வந்தாவது அடங்குகிறது. 20 சென்ரிமீற்றருக்கு இறக்கினால் வட்டம் பெருத்துக்கொண்டே போய்ப் பழம் படத்தை விட்டு வெளியேறிவிடுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 செக்கன். பின்னேரங்களில் இன்னும் மோசம். மூன்று நாளாக இதோடு மல்லுக்கட்டுகிறேன்.

திருநெல்வேலி மோட்டர்

கெயின் கூடிவிட்டது தம்பி. lam ஐ 0.5 ஆக்கிப் பாருங்கள். இந்த மாதிரி ஆட்டத்துக்கு முக்கால்வாசி காரணம் அதுதான். மலிவு சேர்வோ மோட்டருக்கு இவ்வளவு வேகம் தாங்காது.

கொக்குவில் பட்டறை

செய்து பார்த்தேன் அண்ணா. வெளியே ஓடுவது நின்றுவிட்டது, நன்றி. ஆனால் இடப்பக்கம் வைத்தால் இன்னமும் நேராக வருவதில்லை, வளைந்து வளைந்து வந்து சேர 8 செக்கன் எடுக்கிறது. மேசையின் ஓரத்துக்கே தள்ளி வைத்தால் 15 செக்கனுக்குக் கிட்ட. ஒரு பெட்டிப் பழத்துக்கு இந்த வேகம் சரிவராது.

வேலணைக் கடற்காற்று

எனக்கும் இதே பிரச்சினை இருந்தது. மேசைக்கு மேலே ஸ்ராண்டில் கமராவைக் கட்டி, கருவாடு தரம் பிரிக்க ஒரு கை செய்தோம். கமரா சற்றுத் திரும்பி இருந்ததால் கை எப்போதும் கோணலாகப் போகும். சதுரங்கக் கட்டம் அச்சடித்த தாளை வைத்து ஒரு தரம் கோணத்தை அளந்து நிரலில் போட்டோம், அதோடு முடிந்தது. நீங்களும் கட்டத்தாளை வைத்து அளவெடுங்கள்.

வடலி

ஒரு பரிசோதனை செய்யுங்கள், அதன் பிறகு கதைப்போம். lam 0.5 இலேயே வைத்து, பழத்தை இடப்பக்கம் வையுங்கள். ஒவ்வொரு படத்திலும் பழத்தின் மையம் எங்கே இருக்கிறது என்று எழுதி வைத்துப் பாதையை வரையுங்கள். அந்தப் பாதையின் முதல் ஐந்தாறு புள்ளிகள் போகும் திசைக்கும், தொடக்கப் புள்ளியிலிருந்து (320, 320) க்கு இழுத்த நேர்கோட்டுக்கும் இடையில் எத்தனை பாகை என்று அளவுங்கள். அதே நேரம் அடி மூட்டு எத்தனை பாகையில் நின்றது என்பதையும் குறியுங்கள். பிறகு பழத்தை வலப்பக்கம் வைத்து அதையே செய்யுங்கள்.

இன்னொன்று. கமராவுக்கு முன்னால் கைப்பேசியில் ஸ்ரொப்வொச்சை ஓடவிட்டு, கைப்பேசியும் கணினித் திரையும் சேர்ந்து தெரிய ஒரு போட்டோ எடுங்கள். இரண்டு நேரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்?

கொக்குவில் பட்டறை

இடப்பக்கம்: நேர்கோட்டிலிருந்து 27 பாகை விலகிப் புறப்படுகிறது, அடி மூட்டு 28 பாகை. வலப்பக்கம்: 31 பாகை விலகல், மூட்டு 30 பாகை. ஆனால் வளைவு எதிர்த் திசையில்! இத்தனை நாள் அதைக் கவனிக்கவே இல்லை.

நேர வித்தியாசம் பகலில் 0.4 செக்கன். பின்னேரம் ரியூப் லைட்டில் எடுத்தால் அதைவிடவும் கூட.

வடலி

அப்போ விடை உங்கள் கையிலேயே இருக்கிறது. விலகலும் அடி மூட்டின் கோணமும் ஒன்றுதான். உங்கள் vx, vy கமரா பார்க்கும் திசைகளில் கணக்கிடப்பட்டவை. அவற்றை மேசையின் திசைகளாக நினைத்து அனுப்புகிறீர்கள். அடி மூட்டு பூச்சியத்தில் நிற்கும்போது இரண்டும் ஒன்றாக இருப்பதால் நடுவில் ஒரு குறையும் தெரியவில்லை. மூட்டு 28 பாகை திரும்பினால் கமராவும் கூடவே 28 பாகை திரும்பிவிடுகிறது. “வலப்பக்கம் போ” என்று கமரா சொன்னால், கை அதிலிருந்து 28 பாகை விலகிய பக்கம் போகிறது. ஒவ்வொரு படத்திலும் அதே கோணல் நடப்பதால் பாதை சுருளாகிறது. கோணல் 90 பாகையைத் தொட்டால் வட்டம் சுருங்கவே சுருங்காது, அதைத் தாண்டினால் கெயினை எவ்வளவு குறைத்தாலும் பழம் விலகித்தான் போகும்.

வேலணைக்காரருக்கு: உங்கள் கமரா ஸ்ராண்டில் அசையாமல் இருந்தது, அதனால் கோணம் மாறவில்லை, ஒரு தரம் அளந்தது போதுமாக இருந்தது. இங்கே கமரா கையோடு சேர்ந்து திரும்புகிறது. கட்டத்தாளை வைத்து நடுவில் அளந்தால் பூச்சியம் என்றுதான் வரும்.

அனுப்பும் முன் திருப்பிவிடுங்கள்:

```python
c, s = math.cos(q1), math.sin(q1)
vx_b = c*vx - s*vy
vy_b = s*vx + c*vy
```

q1 ரேடியனில், அந்த நேரத்து அடி மூட்டுக் கோணம். சுழற்சி இன்னும் கூடினால் s இன் குறி இரண்டையும் மாற்றுங்கள். உங்கள் மூட்டு எந்தப் பக்கம் திரும்புவதைக் கூட்டல் என்று எண்ணுகிறது என்பதைப் பொறுத்தது அது.

இனித் தாமதம். திருநெல்வேலி அண்ணா சொன்னதில் பாதி சரி. இப்படிப்பட்ட சுற்றில் கெயினைத் தாமதத்தால் பெருக்கினால் வரும் எண் 1.57 க்குக் கீழே இருந்தால்தான் ஆட்டம் அடங்கும். 0.37 க்குக் கீழே இருந்தால் தாண்டிப் போகாமலே வந்து நிற்கும். உங்களுக்கு 2 தர 0.4, அதாவது 0.8. அதனால்தான் நடுவிலும் கொஞ்சம் தாண்டியது. திசைக் கோணலும் சேர்ந்தால் அந்த 1.57 இலிருந்து கோணலை ரேடியனில் கழிக்க வேண்டும். 28 பாகை என்றால் 0.49, மிச்சம் 1.08. 30 சென்ரிமீற்றரில் 0.8 அதற்குக் கீழே, ஆகவே சுற்றிச் சுற்றியாவது அடங்கியது. 20 சென்ரிமீற்றருக்கு இறக்கியபோது நிரலில் Z ஐ 0.30 ஆகவே விட்டிருக்கிறீர்கள். பழம் கிட்ட வந்ததும் அதே அசைவு படத்தில் ஒன்றரை மடங்காகத் தெரியும். கெயின் உண்மையில் 3 ஆகிவிட்டது. 3 தர 0.4, 1.2. எல்லையைத் தாண்டிவிட்டது, வட்டம் பெருத்தது. lam ஐக் குறைத்தபோது ஓட்டம் நின்றதும், வளைவு மட்டும் போகாததும் இதனால்தான்.

திருநெல்வேலி மோட்டர்

இப்போ விளங்குது. நான் மோட்டரைச் சந்தேகித்தேன். ஆனாலும் ஒரு விடயம்: கை திரும்பும் விதத்திலேயே கணக்குப் போட்டால் இன்னும் இலகு அல்லவா? படத்தின் குறுக்குப் பிழையை அடி மூட்டுக்கும், முன்பின் பிழையைக் கையின் நீட்டத்துக்கும் நேரடியாகக் கொடுத்துவிட்டால் அந்தத் திருப்பல் கணக்கே தேவையில்லை. குறுக்கு வேகத்தை அடியிலிருந்து பழம் இருக்கும் தூரத்தால் வகுத்தால் மூட்டின் வேகம் வந்துவிடும்.

வடலி

அதுவும் நல்ல வழி, இந்தக் கைக்கு ஒருவேளை அதுதான் பொருத்தம். மணிக்கட்டைத் தனியாகத் திருப்ப ஐந்தாவது மோட்டர் வந்தால் மட்டும் அந்தக் கோணத்தையும் சேர்க்க வேண்டியிருக்கும்.

கொக்குவில் பட்டறை

நேற்றிரவு மூன்றையும் செய்தேன். திருப்பல் கணக்கைப் போட்டேன். Z க்கு, கையின் கோணங்களிலிருந்து வரும் உயரத்தில் பழத்துக்கென்று 7 சென்ரிமீற்றர் கழித்துக் கொடுத்தேன். கமராவில் பழைய படங்கள் வரிசையில் காத்திருந்தன, இந்த வரி அதைக் குறைத்தது:

```python
cap.set(cv2.CAP_PROP_BUFFERSIZE, 1)
```

வெளிச்சம் குறைந்தால் கமரா தானாக ஒவ்வொரு படத்துக்கும் கூடிய நேரம் எடுக்கிறது. அதை நிறுத்திவிட்டு மணிக்கட்டில் ஒரு எல்ஈடி பூட்டினேன். தாமதம் 0.15 செக்கன். lam 2 இலேயே இடம், வலம், ஓரம் எல்லா இடத்திலும் நேர்கோட்டில் வந்து 2 செக்கனுக்குள் நிற்கிறது. பெரிய நன்றி.

நின்ற பிறகு நாலைந்து பிக்சல் துடிப்பு இருக்கிறது. அது வேறு ஏதும் பிழையா? அடுத்தது, 15 சென்ரிமீற்றருக்கு இறக்கிப் பழத்தை (320, 320) இல் நிறுத்தி அப்படியே கீழே விட்டால், ஸ்ரிக்கர் 2 சென்ரிமீற்றர் தள்ளி ஒட்டுகிறது.

திருநெல்வேலி மோட்டர்

துடிப்பு மோட்டர்தான், இந்த முறை உறுதியாகச் சொல்வேன். இந்த வகை சேர்வோ அரைப் பாகைக்குக் கீழான கட்டளைக்கு அசையாது. கை 40 சென்ரிமீற்றர் நீண்டிருந்தால் அரைப் பாகை என்பது நுனியில் 3 மில்லிமீற்றருக்கு மேல், உங்கள் படத்தில் 30 சென்ரிமீற்றரில் 6, 7 பிக்சல். பிழை 6 பிக்சலுக்குக் கீழே போனதும் வேகத்தைப் பூச்சியமாக்கிவிடுங்கள். ஸ்ரிக்கருக்கு அது போதும்.

வடலி

இரண்டாவது விடயத்துக்கு வருகிறேன். (320, 320) என்பது 30 சென்ரிமீற்றருக்கு மட்டும் உரிய இடம். குழாய் கமராவுக்கு 40 மில்லிமீற்றர் தள்ளி இருப்பதால், அதன் நேர் கீழே உள்ள புள்ளி படத்தின் நடுவிலிருந்து 600 தர 40 வகுத்தல் Z தூரத்தில் தெரியும். 300 மில்லிமீற்றரில் 80 பிக்சல், அதனால் 320. 150 மில்லிமீற்றரில் 160 பிக்சல், அப்போது 400 ஆக இருக்க வேண்டும். 80 பிக்சல் வித்தியாசம் அந்த உயரத்தில் 20 மில்லிமீற்றர். உங்கள் 2 சென்ரிமீற்றர் அதுதான். இறங்க இறங்க இலக்கையும் நகர்த்துங்கள்:

```python
v_star = 240 + f * 0.040 / Z
```

Z இல் 1 சென்ரிமீற்றர் பிசகினால் 15 சென்ரிமீற்றர் உயரத்தில் ஸ்ரிக்கர் 2.7 மில்லிமீற்றர் தள்ளும். அந்த உயரத்தில் இலக்கு 400 க்குப் போனால் படத்தின் கீழ் விளிம்புக்கு 80 பிக்சல்தான் மிச்சம், பழம் படத்துக்குள் அடங்காது, மையம் பொய் சொல்லும். நானாக இருந்தால் 20 இல் நிறுத்தி, மிச்சத்தைப் படம் பார்க்காமல் நேரே இறக்குவேன்.

கொக்குவில் பட்டறை

ஸ்ரிக்கர் இப்போது பழத்தின் மேலேயே விழுகிறது. ஆனால் எல்லாப் பழமும் 7 சென்ரிமீற்றர் இல்லை, சில 5, சில 9. ஒவ்வொன்றின் உயரத்தையும் எப்படி அறிவது?

வடலி

இரண்டு உயரத்தில் பழத்தின் பரப்பை எடுங்கள். பரப்பின் வர்க்கமூலம் தூரத்துக்கு எதிர்விகிதம், எவ்வளவு இறங்கினோம் என்பது தெரியும், ஆகவே Z வந்துவிடும். சிறிதாக இறங்கினால் பிழை பெருக்கும். 30 இலிருந்து 25 க்கு வந்து அளந்தால், விகிதத்தில் 1 வீதப் பிசகே Z ஐ 14 மில்லிமீற்றர் தள்ளிவிடும். 30 இலிருந்து 20 வரை இறங்கினால் அதே பிசகு 6 மில்லிமீற்றர்தான்.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம் இருக்கிறது. படத்தில் தெரியும் விளிம்பு பழத்தின் அகன்ற நடுப்பகுதி. ஸ்ரிக்கர் ஒட்டுவது அதற்கும் மேலே, உச்சியில். அந்த இடைவெளியைப் பழத்தின் அகலத்திலிருந்து ஊகிக்கலாமா என்பது பழங்களை அளந்து பார்த்தால்தான் தெரியும்.

கொக்குவில் பட்டறை

வீட்டில் இப்போது ஒரு பெட்டி இருக்கிறது. அகலத்தையும் உயரத்தையும் ஸ்கேலால் அளந்து நாளைக்குப் போடுகிறேன்.