பணியாளர் குறியீட்டில் கிளை மாறினால் கண்டுபிடிப்பது எப்படி?

வணக்கம். மன்னார்குடியிலும் கும்பகோணத்திலும் கிளைகளுள்ள அரிசி ஆலை ஒன்றில் வருகைப்பதிவைக் கவனிக்கிறேன். பணியாளர் குறியீட்டை MNG-0427-8 என்ற வடிவில் அமைத்திருக்கிறோம்: கிளையின் முன்னொட்டு, தொடர் எண், இறுதியில் சரிபார்ப்பு இலக்கம்.

தொடர் எண்ணின் நான்கு இலக்கங்களை முறையே 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 0427-க்கு 36 வரும். அதை 11-ஆல் வகுத்தால் மீதி 3 என்பதால், 11-இலிருந்து அதைக் கழித்து 8-ஐ இடுகிறோம். மீதி 0 என்றால் இலக்கமும் 0. மீதி 1 என்றால் இலக்கம் 10 ஆகிவிடும் என்பதால் 0006 போன்ற எண்களை யாருக்கும் வழங்குவதில்லை. பதினொன்றில் ஒன்று வீணாவது எனக்குப் பெரிய இழப்பாகத் தெரியவில்லை.

எக்செலின் டேட்டா வேலிடேஷனில் இந்தச் சூத்திரம் உள்ளது:

```
=MOD(5*MID(A2,5,1)+4*MID(A2,6,1)+3*MID(A2,7,1)+2*MID(A2,8,1)+MID(A2,10,1),11)=0
```

0472-8 என்று மாற்றித் தட்டினால் கூட்டுத்தொகை 49, மீதி 5, உடனே மறுக்கிறது. ஆனால் KUM-0427-8 என்று தவறான கிளையை இட்டால் ஏற்றுக்கொள்கிறது, ஏனெனில் முன்னொட்டு கணக்கிலேயே இல்லை.

KUM-க்கு 1, MNG-க்கு 2 என மதிப்பளித்து 6-ஆல் பெருக்கிச் சேர்த்தால், அதே 0427-க்கு முறையே 2, 7 என வெவ்வேறு இலக்கங்கள் கிடைக்கின்றன. அப்படிச் செய்தால், ஏற்கெனவே வழங்கிய அட்டைகளை மாற்றாமல் இரு முறைகளையும் சேர்த்து இயக்க வழியுண்டா? மேலும், நகலெடுத்து ஒட்டும்போது வேலிடேஷன் சோதிக்காமலே விட்டுவிடுகிறது. அதைத் தடுக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.