பிழை காட்டாத பிழை: XIRR போட்டுப் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

உப்புவெளி ரீச்சர்

யூனிட் டிரஸ்ட் நிதியம் ஒன்றில் கையில் பணம் சேரும்போதெல்லாம் போட்டு வந்தேன். 2022 ஜனவரி 10 ஒரு இலட்சம், அடுத்த ஜனவரி 10 ஐம்பதாயிரம், 2023 ஜூலை 10 ஒன்றரை இலட்சம். ரியூஷன் பணம் பத்தாம் தேதி வாக்கில்தான் கைக்கு வரும் என்பதால் எல்லாமே பத்தாம் தேதி. 2024 ஜனவரி 10 அன்று அதன் பெறுமதி 345,000 ரூபாய். வெவ்வேறு தேதிகளில் போட்ட பணத்துக்கு ஆண்டு வருமான வீதத்தைக் கணக்கிடும் XIRRஐ எக்செலில் இப்படிப் போட்டேன்:

```
     A            B
2    10/1/2022    -100000
3    10/1/2023     -50000
4    10/7/2023    -150000
5    10/1/2024     345000

=XIRR(B2:B5,A2:A5)
```

10.99% என்று வந்தது. தம்பி அந்த வாரம்தான் தன்னுடைய நிலையான வைப்புக்கு 12 வீதம் கிடைத்ததாகச் சொல்லியிருந்தான். பதினொன்றும் பன்னிரண்டும், யோசிக்க என்ன இருக்கிறது என்று முழுவதையும் மீளப் பெற்று வங்கியில் போட்டுவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து அதே கோப்பைத் திறந்தபோதுதான் அந்தக் கட்டம் கண்ணில் குத்தியது. நான் தட்டச்சு செய்தது 10/01/2022. கட்டத்தில் நிற்பது 10/1/2022. அந்தச் சுழியம் எங்கே போனது? தேதியின் வடிவத்தை மாற்றி மாதத்தின் பெயரோடு காட்டச் சொன்னேன். 1 ஒக்டோபர் 2022 என்று எழுந்து நின்றது. மடிகணினி அமெரிக்காவில் இருக்கும் மச்சாள் அனுப்பியது. அதன் பிராந்திய அமைப்பை ஒருவரும் மாற்றவில்லை. அங்கே மாதம்தான் முதலில். என் ஜனவரி எல்லாம் ஒக்டோபர் ஆகிவிட்டது. ஜூலை 10, ஒக்டோபர் 7 ஆகிவிட்டது. கடைசி வரி நான் கணக்குப் போட்ட நாளில் இன்னும் பிறக்கவே இல்லாத ஒரு தேதி. அதையும் எக்செல் ஏற்றுக்கொண்டது.

தேதிகளைத் திருத்தியதும் 13.37% வந்தது. பணம் போனதைவிட, அந்த 10.99 அவ்வளவு நம்பும்படியாக இருந்ததுதான் என்னை இன்னும் அரிக்கிறது. வேறு யாருக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

நிலாவெளி விடுதிக்காரன்

ரீச்சர், 13.37 என்பதையும் நான் நம்ப மாட்டேன். மூன்று இலட்சம் போட்டு 45,000 இலாபம் என்றால் 15 வீதம். இரண்டு ஆண்டுக்கு 15 என்றால் ஆண்டுக்கு ஏழரை. பதின்மூன்று எங்கிருந்து வந்தது?

நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்களுக்கு மே முதல் செப்டெம்பர் வரைதான் கடல் அமைதி, விருந்தினரும் அப்போதுதான். பணமும் அந்த மாதங்களில்தான் போடுவேன். ஒரு மே மாதம் ஒரே தொகையாகப் போட்டேன். பதினெட்டாம் நாள் பார்த்தால் இரண்டரை வீதம் ஏறியிருந்தது. XIRR போட்டேன், 65% என்றது. அதை அப்படியே மனைவியின் அண்ணனிடம் கைப்பேசியில் காட்டினேன். அவர் படகு இயந்திரம் வாங்க வைத்திருந்த பணத்தைக் கொண்டுவந்து அதே நிதியத்தில் போட்டார். ஆண்டு முடிவில் கிடைத்தது பத்துக்குக் கிட்ட. இன்றைக்கும் அவர் என்னிடம் அந்த 65ஐக் கேட்கிறார். அன்றிலிருந்து இலாபத்தைப் போட்ட பணத்தால் வகுப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உட்துறைமுக வீதி, ஓய்வுபெற்ற வங்கியாளர்

நிலாவெளித் தம்பி, உங்கள் 65 கணக்குப் பிழை அல்ல. பதினெட்டு நாளில் வந்த இரண்டரை வீதம் ஆண்டு முழுவதும் அதே வேகத்தில், வட்டிக்கு வட்டியாகத் திரும்பத் திரும்ப வந்தால் 65 ஆகும். XIRR அதை 365 நாளுக்கு விரித்துச் சொல்கிறது, அவ்வளவுதான். அதனால் ஓர் ஆண்டு நிறையாத பணத்துக்கு அந்த எண்ணை ஒருவரிடமும் காட்டாதீர்கள். இரண்டரை வீதம், பதினெட்டு நாள் என்று மட்டும் சொல்லுங்கள்.

ஆனால் உங்கள் ஏழரைதான் பிழை. ரீச்சரின் பணத்தில் பாதி அந்த நிதியத்தில் இருந்தது 184 நாள் மட்டுமே. அதை இரண்டு ஆண்டு உழைத்த பணத்தோடு ஒன்றாகக் கூட்டி வகுக்கக் கூடாது. கணினி இல்லாத நாளில் நாங்கள் இப்படிப் பார்ப்போம்: ஒரு இலட்சம் இரண்டு ஆண்டு நின்றது, அது இரண்டு இலட்சம் ஓர் ஆண்டு நின்றதற்குச் சமம். ஐம்பதாயிரம் ஓர் ஆண்டு. ஒன்றரை இலட்சம் அரையாண்டுக்குச் சற்றுக் கூட, அதாவது 75,600 ஓர் ஆண்டு நின்றதற்குச் சமம். மூன்றையும் கூட்டினால் 325,600. அதற்கு 45,000 இலாபம் என்றால் 13.8 வீதம். வட்டிக்கு வட்டி சேரும்போது தேவைப்படும் வீதம் சற்றுக் குறையும். ஆகவே 13.37 சரியான இடத்தில்தான் நிற்கிறது.

ரீச்சர், இந்தக் கைக்கணக்கை அன்றே போட்டிருந்தால் 10.99 பொருந்தவில்லை என்று உடனே தெரிந்திருக்கும். அதைவிட எளிய வழி, கடைசி இரண்டு தேதிகளைக் கழித்துப் பார்ப்பது:

```
=A5-A4
```

184 வர வேண்டிய இடத்தில் உங்களுக்கு 360 வந்திருக்கும். ஜூலைக்கும் ஜனவரிக்கும் இடையில் 360 நாள் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

மூதூர் தையல்காரி

என்னுடையதையும் பாருங்கள். பத்துப் பேர் சீட்டு, மாதம் 10,000. மூன்றாம் மாதமே கழிவு கேட்டு 80,000 எடுத்தேன், மகளின் அனுமதிக் கட்டணத்துக்காக. மீதி ஏழு மாதமும் ஒழுங்காகக் கட்டி முடித்தேன். மருமகன் XIRR போட்டுத் தந்தான். நேர் எண், அதுவும் மிகப் பெரியது. ரீச்சரின் தம்பியின் வைப்பைவிட எவ்வளவோ கூட. அப்படியென்றால் சீட்டுத்தானே நல்லது? ஏன் எல்லோரும் வங்கி, நிதியம் என்று அலைகிறீர்கள்?

கணக்காய்வுப் பயிலுநர், கிண்ணியா

எல்லோருக்கும் ஒரு வழி சொல்கிறேன், இதைச் செய்தால் பிழையே வராது. XIRR கொடுத்த விடை நேர் எண் என்றால் அதை எடுத்து அதே வரிகளுக்கு XNPV போடுங்கள். அந்த வீதத்தில் எல்லாத் தொகைகளையும் முதல் தேதியின் மதிப்புக்குக் கொண்டுவந்து அது கூட்டிச் சொல்லும்:

```
=XNPV(B7,B2:B5,A2:A5)
```

B7 என்பது XIRR விடை இருக்கும் கட்டம். சுழியத்துக்கு மிக அருகில் வந்தால் வீதம் சரி, சந்தேகமே வேண்டாம். வராவிட்டால் XIRR தடுமாறியிருக்கிறது என்று பொருள். அப்போது XIRRஇன் அடைப்புக்குள் மூன்றாவது இடத்தில் ஓர் ஊக வீதம் கொடுத்துத் திரும்பப் போட வேண்டும். கொடுக்காவிட்டால் எக்செல் 0.1, அதாவது 10 வீதத்திலிருந்து தேடத் தொடங்கும். பெரிய நட்டம் பட்டவர்கள் -0.3 போன்ற ஓர் எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். நூறு சுற்றுக்குள் விடை கிடைக்காவிட்டால் #NUM! காட்டும். மேலும், போட்ட பணமெல்லாம் கழித்தல் குறியோடும் கிடைத்தது கூட்டல் குறியோடும் இருக்க வேண்டும். எல்லாம் ஒரே குறியாக இருந்தாலும் #NUM! தான். கடைசி வரியில் இன்றைய பெறுமதியைப் போட மறப்பவர்களை எங்கள் அலுவலகத்திலேயே பார்த்திருக்கிறேன்.

என் சொந்த அனுபவம் சிறியது. கணக்கு திறந்த நாளை முதல் வரியாகவும் அதன் தொகையைச் சுழியமாகவும் போட்டேன். விடை 0.00% என்று வந்தது. கட்டத்தின் வடிவத்தை General ஆக மாற்றிப் பார்த்தால் 2.98023E-09, கிட்டத்தட்டச் சுழியம்தான். பணம் வளரவே இல்லை என்று ஒரு வாடிக்கையாளருக்கு எழுதியும் விட்டேன். முதல் வரியை நீக்கியதும் உண்மையான வீதம் வந்தது. அந்தக் கடிதத்தை நினைத்தால் இன்றும் தூக்கம் வருவதில்லை.

உட்துறைமுக வீதி, ஓய்வுபெற்ற வங்கியாளர்

கிண்ணியாத் தம்பி, உங்கள் 0.00ஐ XNPV பிடித்திருக்கும், அது உண்மை. ஆனால் "பிழையே வராது" என்பதை ஏற்க மாட்டேன். ரீச்சரின் பிழையான தேதிகளுக்கு XNPV போட்டுப் பாருங்கள், 10.99க்கும் சுழியம்தான் வரும். கொடுத்த தேதிகளுக்கு விடை பொருந்துகிறதா என்றுதான் அது சொல்லும். தேதிகள் ரசீதோடு பொருந்துகின்றனவா என்பதை மனிதர்தான் பார்க்க வேண்டும். அவர் 25ஆம் தேதி பணம் போடுபவராக இருந்திருந்தால் தப்பியிருப்பார். 25ஆவது மாதம் இல்லாததால் எக்செல் அதை வெறும் எழுத்தாக இடப்பக்கம் ஒட்டி வைத்திருக்கும், XIRR #VALUE! என்று கத்தியிருக்கும். பன்னிரண்டுக்குள் அடங்கும் நாள்கள்தான் சத்தமில்லாமல் புரளும்.

மூதூர் அம்மா, நீங்கள் ஒரு இலட்சம் கட்டி எண்பதாயிரம் எடுத்திருக்கிறீர்கள். இருபதாயிரம் கைவிட்டுப் போன இடத்தில் வருமான வீதம் எப்படி நேர் எண்ணாக இருக்கும்? உங்களுக்கு முதல் இரண்டு மாதம் கழித்தல், பிறகு கூட்டல், பிறகு மறுபடி கழித்தல். குறி இரண்டு முறை திரும்பும்போது ஒன்றுக்கு மேற்பட்ட வீதங்கள் அதே கணக்குக்குப் பொருந்தலாம். அவற்றில் எது உங்கள் மருமகனின் திரையில் வந்தது என்பதில் பொருள் இல்லை. முன்னதாகப் பணம் எடுத்தவருக்குச் சீட்டு ஒரு கடன். அந்தப் பெரிய எண் நீங்கள் சம்பாதித்தது அல்ல.

மூதூர் தையல்காரி

கடன் என்று தெரிந்துதான் எடுத்தேன் ஐயா. அன்றைக்கு எந்த வங்கியும் எனக்குத் தந்திருக்காது. அந்த எண் என்னுடையது இல்லை என்றால் சரி, மருமகனிடம் சொல்கிறேன்.

நிலாவெளி விடுதிக்காரன்

184 நாள் கணக்கு எனக்கு விளங்கியது ஐயா, ஏழரையை விட்டுவிடுகிறேன். ஆனால் தம்பியின் 12ஐ ஏன் ஒருவரும் கேட்கவில்லை? அது எந்த ஆண்டு வைப்பு? 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் வீதத்தை 7 புள்ளி உயர்த்தியது. அதற்கு முன் வைத்தவருக்கும் பின் வைத்தவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். ரீச்சரின் இரண்டு ஆண்டையும் தம்பியின் ஓர் ஆண்டையும் பக்கத்தில் வைப்பதே சரியில்லை.

உப்புவெளி ரீச்சர்

நேற்று தம்பியிடம் வங்கிப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். 2023இல் வைத்த பத்து இலட்சம், 12 வீதம், வட்டி மாதாமாதம். புத்தகத்தில் விழுந்திருப்பது 10,000 அல்ல, 9,500. ஐந்து வீத வரி பிடித்திருக்கிறார்கள். வைப்புத் தொகையையும் பன்னிரண்டு மாத வட்டியையும் வரிசையாகப் போட்டு, தேதிகளை =DATE(2023,3,10) என்ற முறையில் அடித்து, ஒவ்வொரு தேதியையும் மாதப் பெயரோடு சரிபார்த்து XIRR போட்டேன். வரி போன பின்பும் ஏறத்தாழ 12 தான் வந்தது.

உட்துறைமுக வீதி, ஓய்வுபெற்ற வங்கியாளர்

வரும். மாதாமாதம் கையில் கிடைக்கும் 12 வீதம் XIRR கணக்கில் 12.68. வரி அந்த மேலதிகத்தை எடுத்துக்கொண்டது. வட்டியை ஆண்டு முடிவில் மொத்தமாக வாங்கியிருந்தால் அவருக்கு 11.4 தான் வந்திருக்கும். காலம் வேறு என்று நிலாவெளித் தம்பி சொல்வது சரிதான். 2023 ஜனவரி 10 அன்று உங்கள் நிதியத்தின் பெறுமதி எவ்வளவு என்று அறிக்கையில் இருக்கும். அதை முதல் வரியில் கழித்தல் குறியோடு வைத்து 2023ஐ மட்டும் தனியாகப் போடுங்கள்.

உப்புவெளி ரீச்சர்

அந்த அறிக்கை பழைய மின்னஞ்சலில் இருக்க வேண்டும். தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்ததும் இங்கே எழுதுகிறேன்.