ஸ்டீல் பேன்ல முட்டை, தோசை எல்லாம் ஒட்டுது, யாராச்சும் சொல்லுங்க

பாளை செல்வி
நான்ஸ்டிக் கோட்டிங் உரிய ஆரம்பிச்சுட்டுன்னு புதுசா ஸ்டீல் பேன் வாங்குனேன். முட்டை ஊத்துனா அடியோட பிடிச்சுக்கிடுது, சுரண்டுனா பொடிமாஸ்தான். தோசை பிய்ஞ்சு பிய்ஞ்சு வருது. எண்ணெய் நெறையத்தான் விடுதேன். பிள்ளைகளுக்கு காலைல டிபன் கட்டணும், சீக்கிரம் சொல்லுங்க.

டவுன்காரன்
அக்கா, கேஸா இண்டக்ஷனா? அடி கனமா இருக்கா, லேசா இருக்கா? எண்ணெய எப்ப விடுதீங்க, அடுப்ப பத்த வச்ச உடனேயா? முட்டை பிரிட்ஜ்ல இருந்து எடுத்த கையோட உடைக்கீங்களா? இதெல்லாம் சொன்னாத்தான சொல்ல முடியும்.

அடுப்படி அண்ணாச்சி
இதே கேள்விக்கு இங்க எத்தனையோ தடவ பதில் சொல்லியாச்சு. தேடிப் பாக்குற பழக்கம் ஒருத்தருக்கும் கெடையாது. ஸ்டீல்ல சமைக்கணும்னா மொதல்ல தீய கட்டுப்படுத்தப் படிக்கணும், அத விட்டுட்டு பேன குறை சொல்லக் கூடாது.

வள்ளியூர் வாத்தி
ஸ்டீல்ல கண்ணுக்குத் தெரியாத துளை இருக்கு, சூடானா அது மூடிக்கிடும், அதனாலதான் ஒட்டாது. அதனால நல்லா சூடு பண்ணிட்டு எண்ணெய் விடுங்க, அம்புட்டுதான்.

பாளை செல்வி
கேஸ்தான். எண்ணெயும் பேனும் சேந்தேதான் காயும். முட்டை பிரிட்ஜ் முட்டை.

அம்பை மாஸ்டர்
வாத்தியாரே, சூடு பண்ணணும்னு சொன்னது சரி, துளை மூடுதுங்குறது சரியில்ல. பச்சை முட்டை நேரா ஸ்டீல தொட்டா அதுல உள்ள புரதம் உலோகத்தோடயே பிடிச்சுக்கிட்டு அப்படியே வெந்துரும். பேன் போதுமான சூட்டுல இருந்து நடுவுல எண்ணெயும் இருந்தா, தொட்ட உடனே அடிப்பக்கம் வெந்து, உள்ள இருக்க தண்ணி ஆவியாகி லேசா தூக்கிக் கொடுக்கும். பிரிட்ஜ் முட்டை அந்த எடத்துல சூட்ட எறக்கிரும், அதான் டவுன்காரர் கேட்டாவ.

செல்விம்மா, இப்படி பண்ணுங்க. எண்ணெய் இல்லாம பேன மிதமான தீயில வைங்க. கொஞ்ச நேரம் கழிச்சு ரெண்டு சொட்டு தண்ணி தெளிங்க. உஸ்ஸுன்னு பரவி வத்துனா சூடு பத்தாது. பல சின்ன துளியா சிதறுனாலும் இன்னும் கொஞ்சம் வேணும். ஒரே முத்தா சேந்து பாதரசம் மாதிரி உருண்டு ஓடுச்சுன்னா வந்துட்டு. ஆனா அந்த சூடு முட்டைக்கு ரொம்ப ஜாஸ்தி, ஓரம் கருகிரும். அதனால தீய சிம்முல வச்சு, தண்ணிய தொடச்சு எடுத்துட்டு, ஒரு அரை நிமிசம் விட்டு, ரெண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு சுத்தி ஆட்டுங்க. எண்ணெய் மினுமினுன்னு நெளியும், புகை வரக் கூடாது. அப்ப முட்டைய உடைங்க. கரண்டிய உடனே போடாதீங்க, அடி வெந்து பிடிய விடுறதுக்கு நேரம் வேணும். ஓரம் தானா எழும்புனதும் பேன ஆட்டிப் பாருங்க, நகந்துச்சுன்னா திருப்பிரலாம்.

குறுக்குத்துறை மதினி
எனக்கும் இதே தொல்லைதான், குழிப்பணியாரச் சட்டில அடில பிடிச்சுக்கிடுது, வெல்லம் போட்டா இன்னும் மோசம். அதுக்கும் தண்ணி தெளிச்சுப் பாக்கணுமா?

அடுப்படி அண்ணாச்சி
தோசைக்கு இரும்புக்கல்லு இருக்கும்போது ஸ்டீல எதுக்கு எடுக்கணும்? கல்லுல பாதி வெங்காயத்த நல்லெண்ணெய்ல தொட்டு தேய்ச்சா போதும்.

டவுன்காரன்
அண்ணாச்சி, வெங்காயம் ஒட்டாம இருக்க வைக்கல, எண்ணெய மெல்லிசா பரத்துறதுக்குத்தான். துணில தேய்ச்சாலும் அதேதான்.

அடுப்படி அண்ணாச்சி
தலைமுறை தலைமுறையா வெங்காயம் தேய்க்கவங்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியுது?

அம்பை மாஸ்டர்
வெங்காயத்த விடுங்க. இரும்புக்கல்லுல வருசக்கணக்கா எண்ணெய் காஞ்சு ஒரு கருப்புப் படலம் பிடிச்சிருக்கும், மாவு இரும்பத் தொடுறதே இல்ல. ஸ்டீல்ல அது இல்ல. முட்டை விழுந்த எடத்துல கெடக்கும், தோசை மாவ நாம கரண்டியால இழுக்கோம், அதோட எண்ணெயும் ஓரத்துக்குப் போயிரும், அடுத்து மாவு வெறும் ஸ்டீல்ல ஒட்டும். எண்ணெய் ஜாஸ்தியா விட்டாலோ மாவு வழுக்கி கரண்டியோட வந்துரும். அதனால ஸ்டீல்ல முறுகல் வேண்டாம், கையளவு ஊத்தப்பமா தேய்க்காம ஊத்தி மூடி வைங்க, மேல காஞ்ச பெறவு திருப்புங்க. அடி லேசான பேன்னா தீ படுற எடம் மட்டும் காயும், நடுவுல கருகி ஓரத்துல ஒட்டும், அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது.

வள்ளியூர் வாத்தி
துளை விசயம் எனக்கு இன்னும் ஒத்துக்கிட மனசு வரல மாஸ்டர், ஆனா தண்ணி டெஸ்ட் சரியா வருது.

பாளை செல்வி
மாஸ்டர் அண்ணாச்சி, முட்டை ஒட்டாம வந்துட்டு, ரொம்ப நன்றி. ஊத்தப்பம் நடுவுல கருகுது, ஓரம் ஒட்டுது. இரும்புக்கல்ல எடுத்துட்டேன்.

டவுன்காரன்
அப்ப அடி லேசுதான் போல. அடில தனியா கனமான தட்டு ஒட்டியிருக்கா, இல்ல ஒரே தகடா, பாத்துச் சொல்லுங்க அக்கா.

குறுக்குத்துறை மதினி
பணியாரச் சட்டிக்கு யாரும் ஒண்ணும் சொல்லலியே?