புதுப்பிப்பு: 12 மாறித் தொகையீடு

முன்பு நான் கேட்டது: “12 மாதச் சராசரி விலையைச் சார்ந்த ஆப்ஷனுக்கு மாறிக்கு 5 காஸ் புள்ளிகள் வைத்தேன். நிரல் ஏன் முடியவே இல்லை?”

இங்கே பதிலளித்த ஜூரோங் அண்ணன் கணக்கைக் காட்டினார்: 5^12, ஏறத்தாழ 244 மில்லியன் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு ஒரு மில்லிவினாடி என்றாலும் 2.8 நாள். நினைவகம் போதவில்லை என்று ஒருவர் வாதாடினார். புள்ளிகளை நான் சேமிக்கவே இல்லை!

“3 புள்ளி போதும்” என்ற தம்பி சொன்னது பாதி சரி. ஒன்பது நிமிடத்தில் முடிந்தது. ஆனால் 4 வைத்ததும், நாலரை மணி நேரத்துக்குப் பிறகு, விடை கணிசமாக நகர்ந்துவிட்டது. ஆப்ஷன் வருவாயின் வரைகோடு ஓரிடத்தில் முனையாக மடிகிறது. காஸ் விதியின் வேகமோ வழவழப்பான சார்புக்குத்தான். 3-ஐ 6 ஆக்கிப் பார்க்கலாம் என்றால் வேலை 4,096 மடங்கு.

புள்ளிகளைக் குறைத்து வைக்கும் ஸ்மோல்யாக்கின் அருகிய வலையும் அந்த மடிப்பில் தடுமாறும் என்கிறார் அண்ணன். ஒரு மாறியை மட்டும் முதலில் தொகையிட்டு மடிப்பை மழுங்கடித்து, மீதிக்குச் சீராகப் பரவும் சோபோல் புள்ளிகள் வைக்கச் சொல்கிறார். எந்த மாறியை என்பதில்தான் நிற்கிறேன்.