படமெடுத்த விண்ணப்பத்தின் கட்டங்களை எப்படிப் படியெடுப்பது?

மும்பை தாராவியில் எங்கள் சங்கத்துக்கு வந்த உதவித்தொகை விண்ணப்பங்களைக் கைப்பேசிப் படங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்து வருகிறேன். டிக் செய்த கட்டத்தை ☑ என்றும், பெருக்கல் குறியிட்டதை ☒ என்றும், காலியானதை ☐ என்றும் அச்சில் உள்ள வரிசையிலேயே இடுகிறேன். காலிக் கட்டங்களை விட்டுவிட்டால், விண்ணப்பதாரர் எவற்றுள் ஒன்றைத் தேர்ந்தார் என்பதே தெரியாமல் போய்விடும்.

ஒரு படிவத்தில்தான் தடுமாறுகிறேன். மேலே ‘சொந்த வீடு’, கீழே ‘வாடகை’ என்று இரண்டு கட்டங்கள் உள்ளன. கீழ்க் கட்டத்தில் தொடங்கிய டிக்கின் வால் மேல் கட்டத்துக்குள் நீண்டிருக்கிறது. அடுத்த வரியில் ‘மாத வாடகை ரூ. 4,500’ என்றும் எழுதியிருக்கிறார். வளைவு கீழே இருப்பதால் இப்படி எழுதினேன்:

```
☐ சொந்த வீடு
☑ வாடகை [வால் மேல் கட்டத்தைத் தொடுகிறது]
```

வாடகைத் தொகையைச் சான்றாகக் கொள்வது ஊகமாகிவிடும் என்று ஒதுக்கினேன். இது சரியா? டிக் செய்தபின் கிறுக்கி அழித்த கட்டத்தை நீங்கள் எப்படிக் காட்டுகிறீர்கள்? ☒ இட்டால் அதுவும் தேர்வாகப் படிக்கப்படுமே.