கலைச்சொல் வேண்டும்: பேரேட்டுப் பக்கத்தின் படத்தைக் கட்டம் பிசகாமல் விரிதாளாக்குவதற்கு

எழுதியவர்: பூங்கொடி, வேலூர்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தாத்தா மண்டித் தெருவில் வெல்ல மண்டி வைத்திருந்தார். அவருடைய 1952-ஆம் வருடத்துப் பேரேட்டை இப்போது பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்து, கணினியில் விரிதாளாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். கையெழுத்தைப் படிப்பது ஒரு வேலை. எந்த எழுத்து எந்த வரிசையில், எந்தக் கட்டத்தில் இருந்ததோ அங்கேயே உட்கார வைப்பது இன்னொரு வேலை. முதல் வேலைக்கு எழுத்துணர்தல் என்ற சொல் இருக்கிறது. இரண்டாவதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

எழுதியவர்: வரதராசன், ஆரணி

அம்மா, எழுத்துணரி என்பதே போதுமே. படத்திலிருந்து எழுத்தை எடுப்பதுதானே வேலை? ஒவ்வொரு சில்லறை வேலைக்கும் ஒரு சொல் என்று போனால் அகராதி வீங்கும், மொழி வளராது. முப்பது வருடம் தமிழ் நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். 'விரிதாள்' கூட எனக்கு முழுச் சம்மதம் இல்லை. அதை இன்னொரு நாள் பேசலாம்.

எழுதியவர்: பூங்கொடி

ஐயா, கூலிக் கணக்குப் பக்கத்திலிருந்து நாலே வரி காட்டுகிறேன். ரூபாய், அணா, பைசா என்று மூன்று கட்டம். வண்டி வாடகை 12-3-6. இன்னொரு வண்டி 7-14-9. மூட்டை இறக்கியவருக்கு வெறும் 8 அணா, ரூபாய்க் கட்டமும் பைசாக் கட்டமும் காலி. கடைசியில் 3-5-3. பக்கத்தின் அடியில் தாத்தா போட்ட கூட்டுத்தொகை 23-15-6.

நான் வைத்திருக்கும் மென்பொருள் எழுத்து ஒன்றையும் தப்பாகப் படிக்கவில்லை. 8 என்றால் 8 என்றே படித்தது. ஆனால் காலிக் கட்டம் அதன் கண்ணுக்குத் தெரியவில்லை. வரியில் முதலில் கண்ட எண்ணை முதல் கட்டத்தில் போட்டுவிட்டது. எட்டணாக் கூலி எட்டு ரூபாய் ஆகி, மொத்தம் 31-7-6 என்று வந்தது. எழுத்துணர்தல் நூற்றுக்கு நூறு சரி, கணக்கு தப்பு. அதனால்தான் தனிச் சொல் கேட்கிறேன்.

எழுதியவர்: ஜாபர், வாணியம்பாடி

தோல் மண்டியில் கணக்கெழுதிப் பழகியவன் நான். பூங்கொடி அம்மா சொன்ன பிழையைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. எல்லாவற்றையும் பைசாவாக்குங்கள். பழைய கணக்கில் அணாவுக்கு 12 பைசா, ரூபாய்க்கு 192. D, E, F மூன்றும் ரூபாய், அணா, பைசா என்றால்:

```
=D2*192+E2*12+F2
```

தாத்தாவின் தொகை 4602 பைசா, உங்களுடையது 6042. வித்தியாசம் 1440. ஓர் அணா ரூபாய்க் கட்டத்துக்குத் தாவினால் 15 அணா, அதாவது 180 பைசா கூடும். 1440-ஐ 180-ஆல் வகுத்தால் சரியாக 8. எந்த எண் தாவியது என்பதைக் கூட்டுத்தொகையே காட்டிக்கொடுத்துவிட்டது. பைசா அணாவுக்குத் தாவினால் வித்தியாசம் 11-ஆல் வகுபடும். ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று தாவல் இருந்தால் இந்த வித்தை பலிக்காது, அப்போது வரி வரியாகத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. மூன்றையும் ஒரே கட்டத்தில் 12-3-6 என்று அடித்துவிடாதீர்கள். விரிதாள் அதைத் தேதியாக மாற்றிவிடும். காலி இடத்தில் தாத்தா சிறு கோடு இழுத்திருந்தால் அதையும் அப்படியே அடிக்க வேண்டாம், `#VALUE!` என்று வந்து நிற்கும்.

என் சொல்: கட்டமீட்பு.

எழுதியவர்: சுந்தரமூர்த்தி, குடியாத்தம்

கைலி நெய்கிற வீட்டுக்காரன் நான். நெடுக்கே ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. பேரேடும் அப்படித்தானே? இரண்டும் வெட்டும் இடம்தான் கட்டம். ஆகவே 'பாவூடை மீட்பு'. பக்கத்தில் சிவப்புக் கோடு அச்சடித்திருக்கும். கோட்டைக் கண்டுபிடித்துவிட்டால் கட்டம் தானாக வந்துவிடும், இதில் கஷ்டமே இல்லை.

எழுதியவர்: கலைமணி, காட்பாடி

சுந்தரமூர்த்தி அண்ணன் சொன்னது பாதி சரி. சிவப்புக் கோடு இருந்தால் நிறத்தை வைத்தே அதைப் பிரித்தெடுக்கலாம், மை நீலமோ கறுப்போ ஆக இருக்கும்வரை. ஆனால் தையல் பக்கம் தாள் வளைவதால் படத்தில் கோடும் வளையும். நேர்கோடு தேடும் நிரல் அங்கே தடுமாறும். முதலில் வளைவை நிமிர்த்த வேண்டும், பிறகுதான் கோடு தேட வேண்டும். நம் ஊர் அடகுக் கடைகளின் பழைய சேட்டுக் கணக்கு நோட்டுகளில் கோடே கிடையாது. தாளை மடித்த தடம்தான் கட்டம். அங்கே எண்கள் எங்கே நேராக அடுக்கி நிற்கின்றன என்பதை வைத்து நெடுவரிசையை ஊகிக்க வேண்டியதுதான். அதனால் 'கோடு' வருகிற சொல் எதுவும் எனக்கு வேண்டாம்.

ஜாபர் ஐயாவின் சோதனைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. நெடுவரிசை தாவினால் கூட்டுத்தொகை காட்டிக்கொடுக்கும். வரிசை தாவினால் காட்டாது. பெயரும் ஊரும் இரண்டு வரியில் எழுதி, தொகையை இரண்டாம் வரிக்கு நேரே போடுவார்கள். மென்பொருள் அதை இரண்டு பதிவாக எடுத்துக்கொண்டால் ஒருவருடைய தொகை அடுத்தவர் பெயரில் ஏறும், மொத்தமோ அப்படியே இருக்கும். சிட்டையோடு ஒப்பிட்டால்தான் தெரியும். ௸ என்ற மேற்படிக் குறியும் இதே வகைதான். விரிதாளைப் பெயர்வாரியாக அடுக்கிய மறுநிமிடம் அது வேறு யாரையோ காட்டும். அடுக்கும் முன் ஒவ்வொரு மேற்படியையும் பெயராக நிரப்பிவிடுங்கள். குறி இருந்த இடம் தெரிய அதைத் தனி நெடுவரிசையில் வைத்துக்கொள்ளலாம்.

எனவே சொல்லில் இரண்டு திசையும் தெரிய வேண்டும். பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் அணிக்குச் சொல்கிற நிரை, நிரல் இரண்டையும் எடுத்து 'நிரைநிரல் மீட்பு' என்கிறேன்.

எழுதியவர்: வரதராசன்

எட்டணாக் கதையைப் படித்தபின் என் முதல் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் கலைமணி, உங்கள் கடிதத்திலேயே 'கோடு தேடும் நிரல்' என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே நிரல் கணினிக்கு இடும் கட்டளைத் தொகுப்பு, கடைசி வரியில் அதே நிரல் நெடுவரிசை. ஒரே கடிதத்தில் இரண்டு பொருள்! 'கலம்' என்றாலும் தப்பிக்க முடியாது. அரசுப் படிவத்தில் அது நெடுவரிசை, விரிதாள் எழுதுவோர் சிலருக்கு அது ஒற்றைக் கட்டம்.

எழுதியவர்: ரெஜினா, பேரணாம்பட்டு

எங்க அம்மாவோட பீடிக் கணக்கு அட்டை இருக்கு. அதுல தலைப்பை எல்லாம் செங்குத்தா எழுதியிருப்பாங்க, ஒரு கட்டத்துல ரெண்டு எண், மேல கட்டு, கீழ கூலி. அதுக்கும் இந்தச் சொல் பொருந்துமா? சொல் எதுவா இருந்தாலும் சரி, எப்படிப் பண்றதுன்னு யாராவது சொல்லுங்க அண்ணா.

எழுதியவர்: கலைமணி

ரெஜினா, ஒரு கட்டத்துக்குள் இரண்டு எண் என்றால் விரிதாளில் அதை இரண்டு நெடுவரிசையாக்குங்கள், கட்டு ஒன்று, கூலி ஒன்று. ஆனால் அப்படிச் செய்தால் அசலின் கட்டம் மாறிவிடுகிறது. அதை 'மீட்பு' என்று சொல்லலாமா என்பதில் எனக்கே சந்தேகம். ஜாபர் ஐயா என்ன நினைக்கிறார்? வரதராசன் ஐயா பிடித்த நிரல் குழப்பம் உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன்.

எழுதியவர்: ஜாபர்

மீட்பு வேண்டாமென்றால் 'கட்டப்பெயர்ப்பு'. அசலிலிருந்து பெயர்த்து வேறிடத்தில் வைப்பதற்கு அது பொருந்தும், ஒன்று இரண்டானாலும் தப்பில்லை. இரண்டு திசையும் வேண்டும் என்கிற கலைமணிக்கு என் பதில்: 'கட்டம்' என்றாலே இரண்டு திசையும் அதில் அடங்கிவிடுகிறது.

எழுதியவர்: பூங்கொடி

இப்போதைக்கு என் கோப்புகளில் கட்டப்பெயர்ப்பு என்று போட்டுக்கொள்கிறேன். கலைமணிக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை என்று தெரிகிறது. நேற்று இரவு 1952-ஆம் வருடத்துப் பக்கங்களைச் சிட்டையோடு ஒப்பிட்டேன். நாற்பத்தோராம் பக்கத்தில் மொத்தம் சரியாகவே இருக்கிறது, ஆனால் இரண்டு வண்டிக்காரர்களின் வாடகை மாறிக் கிடக்கிறது. அது மென்பொருள் செய்ததா, தாத்தா செய்ததா என்று படத்தை மறுபடி பார்க்க வேண்டும்.