பனையும் முள்ளும்: ‘ஒன்றில் முதலாவது, அல்லது இரண்டாவது’ என்ற விடையோடு ஏற்பட்ட அனுபவங்கள்

கோண்டாவில், பரீட்சார்த்தி:

அரச போட்டிப் பரீட்சை ஒன்றுக்காக, இந்திய வங்கிப் பரீட்சைகளுக்கென எழுதப்பட்ட பயிற்சி நூல் ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். அதில் வந்த நியாயத்தொடை வினா ஒன்றை நம்முடைய வளவுக்கு ஏற்றபடி மாற்றித் தருகிறேன். எல்லாப் பனைகளும் மரங்கள். சில மரங்கள் முள்ளுள்ளவை. முதலாவது முடிவு: சில பனைகள் முள்ளுள்ளவை. இரண்டாவது முடிவு: எந்தப் பனையும் முள்ளுள்ளதன்று.

உயர்தரத்தில் அளவையியல் படித்தவன் என்ற துணிவில், மத்திய பதமாகிய ‘மரங்கள்’ தரப்பட்ட இரண்டு எடுகூற்றுகளிலும் வியாப்தியடையவில்லை, அதாவது எல்லா மரங்களையும் குறிக்கவில்லை என்று கண்டு, இரண்டு முடிவுகளும் பெறப்படா என எழுதினேன். நூலின் விடையோ ‘ஒன்றில் முதலாவது, அல்லது இரண்டாவது பெறப்படும்’ என்றிருந்தது. அச்சுப் பிழை என்றே இரண்டு நாட்கள் நம்பினேன்.

பிறகு ஒரு தாளில் ஐந்து மரங்களை வரைந்தேன்: மூன்று பனை, ஓர் இலந்தை, ஒரு வேம்பு. இலந்தைக்கு மட்டும் முள் கொடுத்தபோது எடுகூற்றுகள் இரண்டும் உண்மையாயின. முதலாவது முடிவு பொய்த்தது, இரண்டாவது நின்றது. ஒரு பனைக்கும் முள் கொடுத்தேன். எடுகூற்றுகள் அப்படியே உண்மையாக இருக்க, இப்போது முதலாவது நின்று இரண்டாவது விழுந்தது. எப்படி மாற்றி வரைந்தாலும் முள்ளுள்ள பனைகளின் எண்ணிக்கை ஒன்றில் பூச்சியமாக இருக்கும், அல்லது குறைந்தது ஒன்றாக இருக்கும். இடையில் வேறு எண்ணிக்கை கிடையாது. இரண்டு முடிவுகளில் ஒன்று பெறப்படுவது இதனால்தான் என்று விளங்கிக்கொண்டேன். வேறு எவரேனும் இந்த இடத்தில் இடறியிருக்கிறீர்களா?

நல்லூர், மாலை வகுப்பு நடத்துபவர்:

என் மாணவர்கள் ஆண்டுதோறும் இடறும் இடம் இது. நான் அவர்களுக்கு மூன்று சோதனைகளைக் கொடுத்திருக்கிறேன். முடிவுகள் தனித்தனியே பெறப்படக் கூடாது. இரண்டிலும் எழுவாயும் பயனிலையும் அதே ஒழுங்கில் இருக்க வேண்டும். ஒன்று ‘ஆம்’ என்னும் விதியாகவும் மற்றையது ‘இல்லை’ என்னும் மறையாகவும் இருக்க வேண்டும். மூன்றும் பொருந்தினால், ‘எல்லாப் பனைகளும் முள்ளுள்ளவை’, ‘எந்தப் பனையும் முள்ளுள்ளதன்று’ என்ற சோடிக்கும் கண்ணை மூடிக்கொண்டு ‘ஒன்றில்’ என்று எழுதலாம்.

சாவகச்சேரி:

வினாவே தவறானது. பனை மட்டையில் இருப்பது கருக்கு. அதனை எவரும் முள் என்று சொல்வதில்லை. ஆகவே இரண்டாவது முடிவு மட்டுமே சரி. இதற்கு வரைபடம் எதற்கு?

வடமராட்சி, ஓய்வுபெற்ற அளவையியல் ஆசிரியர்:

சாவகச்சேரி அன்பருடைய கருக்கு எனக்கும் கையில் கீறியிருக்கிறது. ஆனால் பெறப்படுதல் என்பது பனையைப் பற்றி நாம் அறிந்ததைக் கேட்கவில்லை. எடுகூற்றுகள் உண்மையாக இருக்கும் எந்த ஏற்பாட்டிலும் முடிவு தவறாமல் உண்மையாகுமா என்பதே கேள்வி. பனையென்ற சொல்லை நீக்கி ஓர் எழுத்தை வைத்தாலும் விடை மாறக் கூடாது.

நல்லூர் ஆசிரியர் கொடுத்த சோடி தவறு. தம்பி வரைந்த மூன்று பனைகளில் ஒன்றுக்கு மட்டும் முள் இருந்தால், ‘எல்லாப் பனைகளும்’ என்பதும் பொய், ‘எந்தப் பனையும்’ என்பதும் பொய். ‘எல்லாம்’ என்னும் நிறைவிதியும் ‘எதுவும் அன்று’ என்னும் நிறைமறையும் ஒருங்கே உண்மையாக மாட்டா, ஆனால் ஒருங்கே பொய்யாகலாம். ‘ஒன்றில்’ என்ற விடைக்கு ஒருங்கே பொய்யாக முடியாத சோடியே வேண்டும். நிறைவிதிக்குச் சோடி ‘சில அல்ல’ என்னும் குறைமறை. ‘சில’ என்னும் குறைவிதிக்குச் சோடி நிறைமறை. ஒழுங்கு பற்றிய அவருடைய சோதனையும் பாதிதான் சரி. ‘சில பனைகள் முள்ளுள்ளவை’ என்பதற்கு எதிரே ‘முள்ளுள்ள எதுவும் பனையன்று’ என்று திருப்பி எழுதப்பட்டிருந்தாலும் சோடி கெடாது, ஏனெனில் அந்த இரண்டு வகை எடுப்புகளிலும் பதங்களை இடம் மாற்றினால் பொருள் மாறுவதில்லை. ‘எல்லாப் பனைகளும் மரங்கள்’ என்பதற்கு எதிரே ‘சில மரங்கள் பனைகளல்ல’ என்று வந்தால் மட்டும் ஏமாறக் கூடாது; அவை இரண்டும் நம் ஊரில் ஒருங்கே உண்மை.

தம்பியின் விளக்கத்தில் ஒரு சொல்லை மட்டும் திருத்துவேன். இரண்டு முடிவுகளில் ஒன்று பெறப்படுகிறது என்று சொல்லாதீர்கள். ஒன்றேனும் பெறப்பட்டிருந்தால் எது என்று காட்ட முடிந்திருக்க வேண்டும். உங்களால் முடியவில்லை, எவராலும் முடியாது. பெறப்படுவது ‘ஒன்றில் இது, அல்லது அது’ என்ற முழு வாக்கியமே. நாளை கடற்போர் நடக்கும் அல்லது நடக்காது என்பது நிச்சயம், ஆனால் நடக்கும் என்பதும் நிச்சயமன்று, நடக்காது என்பதும் நிச்சயமன்று என்று அரிஸ்ரோட்டில் காட்டியதும் இதே வேறுபாட்டைத்தான். அத்தோடு, அந்த முழு வாக்கியத்துக்கு உங்கள் எடுகூற்றுகள் எந்த உதவியும் செய்யவில்லை. அவற்றை அழித்துவிட்டு நிலவைப் பற்றி இரண்டு வாக்கியங்களை எழுதினாலும் அது பெறப்படும். ஆகவே நீங்கள் ‘இரண்டும் பெறப்படா’ என்று எழுதியது தனித்தனியே பார்த்தால் பிழையன்று. வினாத்தாள் அதற்கு மேலும் ஒரு படி கேட்டது, அவ்வளவுதான்.

சுன்னாகம், ஒழுங்கைச் சங்கச் செயலாளர்:

எனக்குப் பரீட்சை இல்லை, கிணறு உண்டு. எங்கள் ஒழுங்கையில் பதினொரு கிணறுகள். நைத்திரேற்றுப் பரிசோதனைக்கு முதலில் நான்கு கிணறுகளின் தண்ணீரை அனுப்பினோம். நான்கிலும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவன அளவுக்குக் கீழேதான் இருந்தது. உடனே ஒருவர் ‘எந்தக் கிணற்றிலும் அளவு மீறவில்லை’ என்று அறிவித்தல் எழுதிவிட்டார். நான் அதை ஒட்ட விடவில்லை. எங்களிடம் இருந்த தகவலுக்கு, சில கிணறுகளில் மீறியுள்ளது அல்லது எதிலும் மீறவில்லை என்பதற்கு மேல் எழுத இடமில்லை. அப்படி எழுதினால் ஒருவருக்கும் பயனில்லை என்று அவர் கோபித்ததும் நியாயமே. ஐந்தாவது கிணற்றின் முடிவு அளவைத் தாண்டி வந்தது. ஆசிரியர் ஐயா, அப்போது ‘ஒன்றில்’ என்பது என்னாகும்?

வடமராட்சி, ஓய்வுபெற்ற அளவையியல் ஆசிரியர்:

அக்கா, வாக்கியம் பொய்யாகவில்லை, ஆனால் விடையாக அதற்கு இடமில்லாமல் போய்விட்டது. ஐந்தாவது முடிவை எடுகூற்றாகச் சேர்த்தவுடன் ‘சில கிணறுகளில் மீறியுள்ளது’ என்பது தனித்தே பெறப்படும். வினாத்தாளில் அதற்குரிய விடை ‘முதலாவது மட்டும்’. அதனால்தான் சோடியைக் கண்டவுடன் பாயாமல் ஒவ்வொரு முடிவையும் முதலில் தனியே பார்க்க வேண்டும் என்பது. நல்லூர் ஆசிரியருடைய முதற் சோதனை அந்த வகையில் முற்றிலும் சரியானது. ‘சில’ என்பதை நிறுவ உங்களுக்கு ஒரு கிணறு போதுமாக இருந்தது. ‘எதிலுமில்லை’ என்பதற்குப் பதினொன்றும் வேண்டியிருந்திருக்கும்.

நல்லூர், மாலை வகுப்பு நடத்துபவர்:

என் சோடியைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ‘சில பனைகள் முள்ளுள்ளவை’, ‘சில பனைகள் முள்ளுள்ளவையல்ல’ என்ற சோடிக்கும் ‘ஒன்றில்’ என்றே விடை கொடுக்கும் நூல்கள் என்னிடம் உள்ளன. இரண்டும் ஒருங்கே உண்மையாகலாமே?

வடமராட்சி, ஓய்வுபெற்ற அளவையியல் ஆசிரியர்:

ஆகலாம். ஆனால் ஒரு பனையேனும் இருந்தால் அதற்கு முள் இருக்கும் அல்லது இராது; ஆகவே இரண்டில் ஒன்றேனும் உண்மை. ‘அல்லது’ என்பதை ‘இரண்டுமே ஆகலாம்’ என்று வாசிப்பவர்கள் அதனால் அதனை ஏற்கிறார்கள். ஒன்று மட்டும் என்று வாசிப்பவர்கள் ஏற்பதில்லை. பனையே இல்லாத வளவில் அந்தச் சோடி இரண்டும் பொய்யாகிவிடும். குறைவிதியும் நிறைமறையும் கொண்ட சோடியோ அங்கேயும் நிற்கும், ஏனெனில் இல்லாத பனையில் முள்ளும் இல்லை. இந்த வேறுபாட்டால் நான் அதனை ஒரே தட்டில் வைக்க மாட்டேன்.

கோண்டாவில், பரீட்சார்த்தி:

ஐயா, பரீட்சையில் அந்தச் சோடி வந்தால் என்ன எழுதுவது?

வடமராட்சி, ஓய்வுபெற்ற அளவையியல் ஆசிரியர்:

தம்பி, அதே பரீட்சையின் கடந்த கால வினாத்தாள்களை எடுத்து, அங்கே என்ன விடை கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அளவையியல் இதற்கு மேல் உங்களுக்கு உதவாது.